நாட்காட்டியா, வெப்பமானியா: ஊட்டிப் பட்டாணிக்கு எதை நம்பி விதைப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் மூன்று துண்டு நிலத்தில் பச்சைப் பட்டாணி விதைத்தோம். பள்ளத்தில் இருக்கும் தோட்டத்தில் 5ஆம் தேதி, சரிவின் நடுமட்டத்தில் 15ஆம் தேதி, மேல்மட்டத்தில் 25ஆம் தேதி. பத்து நாள் இடைவெளி விட்டால் காயும் பத்து நாள் இடைவெளியில் வரும், இருக்கிற ஆட்களை வைத்தே மூன்றையும் பறித்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாரம் ஒரு வண்டி அனுப்பிவிடலாம் என்பது திட்டம். நடந்தது வேறு. முதலில் முற்றியது நடுமட்டம். அதற்கு அடுத்த வாரமே பள்ளமும் மேல்மட்டமும் ஒரு நாள் வித்தியாசத்தில் பறிப்புக்குத் தயாராகிவிட்டன. இருபது நாள் முந்தி விதைத்த பள்ளத்துப் பட்டாணி, கடைசியாக விதைத்ததோடு சேர்ந்து வந்து நின்றது.

அந்த வாரம் ஆள் கிடைக்கவில்லை. பட்டாணிக்குக் காத்திருக்கத் தெரியாது. காய் நிறைந்து, உள்ளே மணிகள் ஒன்றையொன்று தொட்ட நிலையில் மூன்று நான்கு நாள்தான் இனிப்பு. அதன்பின் சர்க்கரை மாவாக மாறிவிடும். தோலின் பச்சை மங்கி, மேலே வலைபோல நரம்பு தெரியும். நகத்தால் அழுத்தினால் மணி நசுங்காமல் வழுக்கும். அப்படிப்பட்ட காயை மண்டியில் கொட்டினால் பாதி விலைதான். எங்களுக்கும் அதுதான் கிடைத்தது.

எதனால் இப்படி ஆயிற்று என்று தேடிப் போனபோதுதான் வெப்ப அலகுக் கணக்கை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். இந்த மலையில் பட்டாணி விதைப்பவர்களுக்கு முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. நாட்களை எண்ணலாம். கைப்பேசியில் வரும் வானிலைத் தகவலை வைத்து வெப்பத்தை எண்ணலாம். சொந்தமாக ஒரு வெப்பமானி வாங்கி நிலத்தில் வைத்து எண்ணலாம். மணிக்கு மணி தானே பதியும் கருவியை வைக்கலாம். நான்கையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் எது எங்கே கைகொடுக்கும், எது எங்கே கைவிடும் என்று எழுதுகிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது

செடிக்குத் தேதி தெரியாது. அதன் வளர்ச்சி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் வெப்பமே தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பயிருக்கும் ஓர் அடிமட்ட வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். பட்டாணிக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அடிமட்டம் 4.4 டிகிரி செல்சியஸ், அதாவது பழைய அளவில் 40 ஃபாரன்ஹீட். ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து 4.4ஐக் கழித்தால் அந்த நாள் பயிருக்குக் கொடுத்த வெப்ப அலகு வரும். வேளாண் அலுவலர்கள் இதை ஜி.டி.டி. என்பார்கள். விதைத்த நாளிலிருந்து தினமும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ரகத்துக்கு ரகம் மாறும் ஒரு தொகையை எட்டும்போது காய் பறிப்புக்கு வரும். முன்பருவப் பட்டாணி ரகங்களுக்கு அந்தத் தொகை ஏறத்தாழ 650. எங்கள் ரகம் நடுப்பருவத்தது. என் நோட்டில் அது முதல் பறிப்புக்கு 800ஐ ஒட்டியே நிற்கிறது.

அன்றாட வெப்பத்தைக் கூட்டிப் பார்க்கும் யோசனை புதிதல்ல. பிரான்ஸ் நாட்டின் ரியோமூர் 1735லேயே அதைச் சொன்னார். ஆனால் அது வயலுக்கு வந்து பெரிய அளவில் பயன்பட்ட இடங்களில் ஒன்று பட்டாணி என்பது எனக்குப் பிடித்த செய்தி. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சீபுரூக் என்ற பெரிய பண்ணையில், 1940களின் பிற்பகுதியில் எங்களுடைய அதே சிக்கல் இருந்தது. ஏக்கர் ஏக்கராக விதைத்த பட்டாணி ஒரே நேரத்தில் முற்றிக் குவிந்து, பதப்படுத்தும் ஆலையால் சமாளிக்க முடியவில்லை. தார்ன்த்வைட் என்ற காலநிலை அறிஞர் நாட்களுக்குப் பதிலாக வளர்ச்சி அலகுகளை வைத்து விதைப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தார். அறுவடை வாரத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு வளர்ச்சி நடக்குமோ, அந்த அளவு இடைவெளியை விதைப்பின்போது விட வேண்டும் என்பதே அதன் சாரம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நாட்காட்டி தோற்பது இங்கேதான்.

நாட்களை எண்ணுவது

ஊட்டி நகரத்தின் நீண்டகாலச் சராசரியை ஒட்டிக் கணக்கிட்டால் ஜனவரியில் ஒரு நாளைக்குச் சுமார் 8.7 அலகு கிடைக்கிறது. பிப்ரவரியில் 10, மார்ச்சில் 11.6, ஏப்ரலில் 13. ஜனவரி 1ஆம் தேதி விதைத்தால் 800ஐ எட்ட 80 நாளுக்குச் சற்று மேல் ஆகும். பிப்ரவரி 1ஆம் தேதி விதைத்தால் 72 நாள். மார்ச் 1ஆம் தேதி விதைத்தால் 65 நாளே போதும். ரகம் ஒன்று, நிலம் ஒன்று. விதைப் பையில் அச்சடித்திருக்கும் நாள் எண்ணிக்கையை எந்த மாதத்துக்குப் பொருத்துவது?

இடைவெளிதான் இன்னும் மோசம். ஜனவரி நடுவில் பத்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால், இரண்டு விதைப்புக்கும் இடையே சேர்வது 87 அலகு. அறுவடை நடப்பது மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ. அப்போது ஒரு நாளுக்கே 12 அலகுக்கு மேல். ஆக அந்த 87 அலகு ஏழு நாளில் கரைந்துவிடும். பத்து நாள் என்று நினைத்தது ஏழு நாளாகச் சுருங்கிவிடும். ஏப்ரலில் கார்போகத்துக்கு விதைப்பவர்களுக்கு இது தலைகீழ். விதைக்கும்போது நாளுக்கு 13 அலகு, ஜூன் கடைசியில் பறிக்கும்போது நாளுக்கு 10 சொச்சம். பத்து நாள் இடைவெளி பன்னிரண்டு பதின்மூன்று நாளாக நீளும். நடுவில் வண்டிக்குச் சரக்கு இருக்காது.

அதற்காக நாள் எண்ணுவதை நான் ஒதுக்கிவிடவில்லை. ஒரே நிலத்தில், ஆண்டுதோறும் ஒரே வாரத்தில், ஒரே ஒரு விதைப்பு செய்பவருக்கு அது போதும். ஓர் ஆண்டுக்கும் மறு ஆண்டுக்கும் சராசரி வெப்பம் ஒரு டிகிரி மாறினால்கூட, 65 நாள் பயிரில் வித்தியாசம் 65 அலகு, அதாவது ஐந்து நாள். வீட்டு ஆட்களே பறிப்பதாக இருந்தால் ஐந்து நாளை ஈடுகட்டிவிடலாம். என் பெரியப்பா ஆயுள் முழுக்க அப்படித்தான் விதைத்தார். அவர் நாள் எண்ணிக்கை பிசகாததற்குக் காரணம், அவர் நிலத்தையும் மாதத்தையும் மாற்றவே இல்லை. மூன்று துண்டு, மூன்று தேதி என்று போனவன் நான்.

கைப்பேசி வானிலை

அடுத்து எல்லோரும் போவது இதற்குத்தான். காசு இல்லை, கருவி இல்லை. தினமும் உச்சம், குறைவு இரண்டையும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். முதல் ஆண்டு நானும் அதைத்தான் செய்தேன். சமவெளியில் இது ஓரளவு எடுபடும். மலையில் எனக்கு எடுபடவில்லை.

கைப்பேசி காட்டும் எண் பெரும்பாலும் உங்கள் நிலத்தில் அளந்தது அல்ல. பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குக் கணினி போட்ட கணக்கு. அந்தக் கட்டத்துக்குள் ஒரு மலைச்சரிவும் ஒரு பள்ளத்தாக்கும் அடங்கிவிடும். அவற்றின் சராசரி உயரம் உங்கள் நிலத்தின் உயரமாக இருக்காது. நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக 0.65 டிகிரி குறையும். உயரத்தில் 300 மீட்டர் தவறினால் ஏறத்தாழ 2 டிகிரி, அதாவது நாளுக்கு 2 அலகு. ஜனவரியில் நமக்குக் கிடைப்பதே 8.7 என்றால், அதில் நாலில் ஒரு பங்கு பொய்யாகிவிடுகிறது.

உயரத் தவறு மட்டும் என்றால் ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திவிடலாம். திருத்த முடியாதது பள்ளத்துக் குளிர். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வேகமாக வெளியே விடும். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனமாகி, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அந்த நாட்களில் மேலே இருப்பதைவிடக் கீழேதான் குளிர் அதிகம். தலைக்குந்தாவிலும் ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல் வெளுத்துக் கிடக்கும்போது, மேலே சரிவில் உள்ள தோட்டத்தில் நீர்ப்பனி மட்டுமே இருப்பதன் காரணம் இதுதான். எங்கள் பள்ளத்தில் காலையில் அடுப்புப் புகை மேலே ஏறாமல் ஒரு மட்டத்தில் போய்ப் படுக்கும். அந்தப் புகை மட்டம் எங்கே நிற்கிறதோ, அதற்குக் கீழே குளத்தைப் போலக் குளிர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். மூன்று துண்டு நிலத்தில் ஒன்று அதற்குள், ஒன்று அதன் கரையில், ஒன்று அதற்கு மேலே.

மேகம் மூடிய ஜூலை இரவில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். ஆகவே ஜூலையில் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்த திருத்தம் ஜனவரிக்கு உதவாது. கைப்பேசி எண்ணை நான் இப்போது ஒன்றுக்குத்தான் பயன்படுத்துகிறேன்: அடுத்த வாரம் வெப்பம் கூடுமா குறையுமா என்று பார்த்து, பறிப்பு நாளை முன்னே பின்னே நகர்த்துவதற்கு.

நிலத்தில் ஒரு வெப்பமானி

உச்சத்தையும் குறைவையும் நினைவில் வைத்திருக்கும் சாதாரண வெப்பமானி. ஒரு பட்டனை அழுத்தினால் மறுநாளுக்குப் புதிதாகத் தொடங்கும். மலைப் பயிருக்கு இதுவே சரியான கருவி என்பது என் முடிவு. ஆனால் வைக்கும் இடத்திலும் படிக்கும் நேரத்திலும் தவறினால் இதுவும் ஏமாற்றும்.

வெயில் நேரடியாகப் பட்டால் உச்சம் பல டிகிரி கூடுதலாகக் காட்டும். ஆகவே நான்கு பக்கமும் காற்று புகும்படி பலகைச் சட்டம் அடித்து, வெள்ளை பூசிய பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடி, நாலரையடி உயரத்தில் வைக்க வேண்டும். வீட்டுச் சுவரிலோ, மோட்டார் அறையின் தகரத்திலோ மாட்டக் கூடாது. புல்லோடு புல்லாகத் தரையில் வைப்பதும் கூடாது. உறைபனி நாளில் புல் மட்டத்தில் சுழியத்துக்குக் கீழே போயிருக்கும்போது, பெட்டிக்குள் 3, 4 டிகிரி காட்டும். இரண்டும் உண்மைதான். ஆனால் பயிருக்குச் சொல்லியிருக்கும் தொகைகள் எல்லாம் பெட்டிக்குள் அளந்த காற்றை வைத்துப் போட்டவை.

படிக்கும் நேரத்தை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. காலை ஆறரைக்கு, குளிர் உச்சத்தில் இருக்கும்போதே படித்துப் பட்டனை அழுத்திவிடுவேன். அழுத்திய அடுத்த நிமிடமே அதே குளிரைக் கருவி மறுநாள் கணக்கிலும் பதிந்துவிடும். மறுநாள் காலை கொஞ்சம் இதமாக இருந்தாலும் நேற்றைய குளிரே குறைவாக நிற்கும். ஒரு குளிர் இரண்டு நாளுக்குக் கணக்காகிவிடும். இதைக் கண்டுபிடித்த விதம் எளிது: நோட்டில் அடுத்தடுத்த இரண்டு நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரே குறைவு வெப்பம் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. இப்போது வெயில் ஏறிய பிறகு ஒன்பது மணிக்குப் படிக்கிறேன். அந்த நேரத்தில் தெரியும் குறைவு இன்றைய காலையுடையது, உச்சம் நேற்றைய மதியத்துடையது என்பதை மறக்காமல் அந்தந்தத் தேதிக்கு எழுத வேண்டும்.

கணினியிலோ கைப்பேசி விரிதாளிலோ போட்டால், பி நிரலில் உச்சமும் சி நிரலில் குறைவும் எழுதி இந்தச் சூத்திரத்தைக் கொடுத்துவிடலாம்:

```
=MAX(0,(B2+C2)/2-4.4)
```

என் மூன்று துண்டுக்கும் பிறகு வெப்பமானி வைத்துப் பார்த்தபோதுதான் பழைய தோல்விக்கு விடை கிடைத்தது. தெளிந்த ஜனவரி இரவுகளில் பள்ளத்துக் குறைவு வெப்பம் மேல்மட்டத்தைவிட ஐந்து டிகிரி வரை தாழ்ந்து நின்றது. பகல் உச்சத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஐந்தில் பாதி, நாளுக்கு 2.5 அலகு, பள்ளத்துக்குக் குறைகிறது. பிப்ரவரியில் குறைவது 2 அலகு, மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் அரை.

அந்த ஆண்டின் தேதிகளை இதில் போட்டுப் பாருங்கள். பள்ளத்தில் ஜனவரி 5 முதல் 31 வரை 27 நாள், நாளுக்கு 6.2 வீதம் 167. பிப்ரவரி 28 நாள், நாளுக்கு 8 வீதம் 224. மார்ச் 31 நாள், 10.6 வீதம் 329. மூன்றும் சேர்ந்து 720. மீதி 80 அலகுக்கு ஏப்ரலில் ஆறரை நாள். ஏப்ரல் 7ஆம் தேதி காய் தயார். மேல்மட்டத்தில் ஜனவரி 25 முதல் 7 நாளுக்கு 61, பிப்ரவரிக்கு 280, மார்ச்சுக்கு 360, ஆக 701. மீதி 99க்கு எட்டு நாளுக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரல் 8. இருபது நாள் முந்தி விதைத்ததும் பிந்தி விதைத்ததும் ஒரு நாள் வித்தியாசத்தில் வந்து நின்றதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேவையே இல்லை. நடுமட்டம் கரையில் இருந்ததால் அதற்குச் சில நாள் முன்பே முடிந்துவிட்டது.

இப்போது பத்து நாள் இடைவெளியில் பறிக்க வேண்டும் என்றால் நான் தேதியைப் பார்ப்பதில்லை. அறுவடைக் காலத்தில் நாளுக்கு 12 அலகு, பத்து நாளுக்கு 120. முதல் விதைப்புக்குப் பிறகு வெப்பமானி 120 அலகைச் சேர்த்த அன்று இரண்டாவது விதைப்பு. மேல்மட்டத்திலேயே மூன்று பாகமாக விதைத்தால், சராசரி ஆண்டில் அது ஜனவரி 5, ஜனவரி 19, பிப்ரவரி 1 என்று வரும். பறிப்பு மார்ச் 25, ஏப்ரல் 4, ஏப்ரல் 13 என்று விழும். விதைப்பில் பதினாலு நாள், பதின்மூன்று நாள் என்று கூடுதலாக விட்ட இடைவெளிதான் பறிப்பில் பத்து நாளாகத் திரும்பிக் கிடைக்கிறது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “பத்து நாள் வேண்டுமென்றால் பதினாலு நாள் கழித்து விதைக்கச் சொல்கிறாயே தம்பி” என்று முதலில் நம்பவில்லை. அந்த ஏப்ரலில் வந்து பார்த்துவிட்டு என் நோட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மணிக்கு மணி பதியும் கருவி

கடைசி வழி இது. விலை கூடுதல், தகவல் நிறைய. சரிவில் நிலம் வைத்திருப்பவர்கள் இதற்குச் செலவு செய்யத் தேவையில்லை என்றே சொல்வேன். அங்கே ஆண்டின் பெரும்பகுதி குறைவு வெப்பம் 4.4க்கு மேலேயே இருக்கும். உச்சமும் பட்டாணியைத் தடுக்கும் அளவுக்குப் போகாது. அப்படிப்பட்ட நாட்களில் எளிய சராசரிக் கணக்குக்கும் மணிக்கணக்குக்கும் பெரிய வித்தியாசம் வராது.

உறைபனி விழும் பள்ளத்தில் கதை வேறு. ஒரு நாள் உச்சம் 19, குறைவு சுழியத்துக்குக் கீழே 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 9, அதில் 4.4 போக 4.6 அலகு. ஆனால் குளிர் 4.4க்குக் கீழே போன நேரத்தில் பயிர் வளராமல் நின்றதே தவிரப் பின்னோக்கிப் போகவில்லை. அந்தக் குளிரைக் கழிப்பது அநியாயம் என்று நினைப்பவர்கள், குறைவு வெப்பத்தை முதலிலேயே 4.4க்கு உயர்த்திவிட்டுச் சராசரி எடுப்பார்கள்:

```
=(MAX(B2,4.4)+MAX(C2,4.4))/2-4.4
```

அதே நாளுக்கு இதில் வருவது 7.3. ஒரே நாள், ஒரே வெப்பமானி, இரண்டு விடை. வெப்பம் ஒரு நாளில் அலைபோல ஏறி இறங்குகிறது என்று கொண்டு, 4.4க்கு மேலே உள்ள பகுதியை மட்டும் அளந்தால் 5.8 வருகிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மெக்மாஸ்டர், வில்ஹெல்ம் என்ற இருவர் 1997இல் இந்தக் குழப்பத்தை எடுத்துக்காட்டினார்கள். ஒரே சமன்பாட்டை ஆளுக்கொரு விதமாகப் படித்துக்கொண்டு, எந்த விதம் என்று சொல்லாமலே தொகைகளை எழுதிவைக்கிறார்கள் என்பது அவர்கள் குறை. நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரானது. வேறொருவர் சொன்ன தொகையை எடுப்பதற்கு முன், அடிமட்டம் எத்தனை, எந்த முறையில் கூட்டியது என்று கேட்க வேண்டும். ஒரு முறையில் வந்த 800ஐ இன்னொரு முறையில் கூட்டிக்கொண்டு காத்திருந்தால், பறிப்பு நாள் ஒரு வாரம்கூடத் தப்பிவிடும்.

பள்ளத்தில் நிறைய நிலம் வைத்து, நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் விதைப்பவருக்கு மட்டும் மணிப் பதிவுக் கருவி கொடுத்த காசுக்கு வேலை செய்யும். அவருக்கு அதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. எத்தனை மணிநேரம் சுழியத்துக்குக் கீழே இருந்தது என்று தெரியும். மற்றவர்கள் சாதாரண வெப்பமானியும் முதல் சூத்திரமும் வைத்துக்கொண்டு, ஒரே முறையை விடாமல் பின்பற்றினால் போதும். ஒவ்வொரு பருவமும் ஒரே விதமாகக் கூட்டி, உங்கள் தொகையை நீங்களே கண்டுபிடிப்பதுதான் எந்தச் சூத்திரத்தையும்விட முக்கியம்.

எங்கே இந்தக் கணக்கு வாய் மூடிக்கொள்கிறது

ஜூலை மாதத்தைப் பாருங்கள். உச்சம் 17, குறைவு 11 என்றால் நாளுக்கு 9.6 அலகு. ஜனவரியில் உச்சம் 20, குறைவு 6 என்றால் 8.6. மழையும் மூடுபனியுமாக நடுங்க வைக்கும் ஜூலை, பளிச்சென்று வெயில் அடிக்கும் ஜனவரியைவிடப் பயிருக்குச் சூடானது. முதலில் எனக்கு இது நம்பும்படியாக இல்லை, ஆனால் பயிர் அப்படித்தான் நடந்துகொண்டது. ஜூன் 1இல் விதைத்தது 78 நாளில் வந்தது. ஆனால் காய் குறைவு. வெயில் இல்லாமல், ஈரத்தில் நின்ற செடி நேரத்துக்குப் பூத்தது, நேரத்துக்குக் காய்த்தது. ஒரு கொடியில் எத்தனை காய் என்பதை மட்டும் வெப்ப அலகு சொல்லவில்லை. அது எப்போது என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. தண்ணீர் இல்லாமல் வாடினாலும், சாம்பல் நோய் வந்தாலும் அலகு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

உறைபனியிலும் அப்படியே. இளம் பட்டாணிச் செடி லேசான பனியைத் தாங்கும். பூவும் பிஞ்சும் தாங்காது. ஆனால் பூக்கும் நாளை உறைபனிக்குத் தப்ப வைக்க இந்தக் கணக்கையே பயன்படுத்தலாம். எங்கள் ரகம் பூப்பது 550 அலகை ஒட்டி. நவம்பர் நடுவில் பள்ளத்தில் விதைத்தால், அந்த 550 பிப்ரவரி முதல் வாரத்தில் விழுகிறது, இன்னும் உறைபனி ஓயாத நேரம். ஜனவரி 5இல் விதைத்தால் மார்ச் நடுவில் பூக்கும். பள்ளத்து விதைப்பை நான் புத்தாண்டுக்கு முன் தொடங்காததற்கு இந்த ஒரு கணக்கே காரணம்.

விதைப்பிலிருந்து பறிப்பு வரை ஒரே மூச்சில் எண்ணிக்கொண்டு போவதையும் இப்போது விட்டுவிட்டேன். முளைப்பு மண்ணின் ஈரத்தையும் சூட்டையும் பொறுத்து இழுத்துவிடும். ஆகவே வரிசையில் பத்துச் செடிக்குச் சிவப்பு நூல் கட்டி வைப்பேன். அவற்றில் பாதிக்கு முதல் பூ விரிந்த அன்று நோட்டில் கோடு போட்டு, அதுவரை வந்த தொகை எதுவானாலும் அங்கிருந்து புதிதாக 250 எண்ணுவேன். மார்ச் கடைசியில் அது மூன்று வாரம். கடைசி வாரத்துக்கு முந்தின ஏழு நாளின் சராசரியை முன்னே நீட்டிப் பார்த்தால், பறிப்பு நாள் இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் பிடிபடுகிறது. ஆட்களிடம் அப்போதே சொல்லிவிடலாம்.

பூத்த நாளின் தொகை வழக்கத்தைவிட 50, 60 தள்ளியிருந்தால் பயிரைச் சந்தேகிப்பதற்கு முன் வெப்பமானியைப் போய்ப் பார்க்கிறேன். ஒருமுறை பெட்டியின் கதவு கழன்று, மதியம் மூன்று மணி வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. செடி சரியாகத்தான் பூத்திருந்தது. நோட்டுதான் முந்தி ஓடியிருந்தது.

முதல் வெப்பமானி வாங்குபவருக்கு நான் சொல்வது இவ்வளவே: உங்களிடம் இரண்டு உயரத்தில் நிலம் இருந்தால் ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் அதைப் பள்ளத்தில் வையுங்கள். மேல்மட்டத்தை ஊட்டி நகரத்துச் சராசரியை வைத்துத் தோராயமாக ஊகித்துவிடலாம். பள்ளத்தை ஊகிக்க முடியாது.